பேரைக் கேட்டதும் பொருள் தெரியணும்!



முல்லை, தாமரை, ரோஜா. இந்த மூணும் என்னன்னு கேட்டா நீங்க பூன்னுதானே சொல்வீங்க? எங்க வீட்டுல இது மூணும் பை!

எங்க அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா மூணு பேரும் சேர்ந்து, தையல் கடைகளில் மிஞ்சும் துணித் துண்டுகளை வாங்கிப் பை தைத்து விற்கிறார்கள். காய்கறி வாங்குற பைக்குத் தாமரை, காசு வைக்கிற சின்னப் பைக்கு முல்லை, சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற துணிக்கு ரோஜா என்று பேர் வைத்தோம். பேர் அழகா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. வந்தது வினை.

ஒரு அக்கா போன் பண்ணி, "வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலத்தோட குடுக்கணும், முல்லை 20 வேணும்" என்றார். அம்மா ராத்திரி பகலா உட்கார்ந்து ஒரு வாரத்தில் 20 சின்னப் பை தைத்து முடித்தார். வாங்க வந்த அக்கா திகைத்துப் போனார். "ஐயையோ, நான் கேட்டது காய்கறிப் பையாச்சே!" மறுநாள் விசேஷம். இருபதும் வீட்டிலேயே தங்கிவிட்டன. அந்த அக்கா மேல தப்பே இல்ல. பூப்பேர் மனசுல நின்னுது, எந்தப் பூ எந்தப் பைன்னு நிக்கல. நினைவில் நின்றால் மட்டும் போதாது, பேர் பொருளையும் காட்டணும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசிச் சொல்லைப் பாருங்க

நம்ம பாட்டிமார் வைத்த பேர்களைக் கவனியுங்கள். அஞ்சறைப்பெட்டி, சுருக்குப்பை, ஊதுகுழல். மூணுக்கும் ஒரே அமைப்புதான். கடைசிச் சொல் அது என்ன பொருள் என்று சொல்கிறது: பெட்டி, பை, குழல். முன்சொல் மற்றதில் இருந்து அது எப்படி வேறு என்று சொல்கிறது: அஞ்சு அறை உள்ளது, சுருக்குவது, ஊதுவது. ரெண்டே சொல். கேட்ட உடனே பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. நாங்களும் அதே வழியில் போனோம்.

முதலில் காசு வைக்கிற பை. சில்லறைப்பை என்று வைக்க நினைத்து, அதையும் சுருக்கி "சில்லறைச் சுருக்கு" ஆக்கினோம். பாட்டி கேட்டுட்டு, "பையை எடுத்துட்டா சுருக்குன்னா கழுத்துல மாட்டுற கயிறுடி!" என்று சிரித்தார். சுருக்கலாம், ஆனால் பொருளைச் சொல்லும் கடைசிச் சொல்லை மட்டும் வெட்டக்கூடாது. கடைசியில் காசுப்பை என்றே வைத்தோம்.

நாலறையா, நாலரையா?

காய்கறிப் பைக்கு உள்ளே நாலு தடுப்பு உண்டு. தக்காளி நசுங்காமல் தனியா, கிழங்கு தனியா வைக்கலாம். அதனால் "நாலறைப்பை". எழுதிப் பார்த்தால் அருமை. போனில் சொன்னால்? "நாலரைக் கிலோ பிடிக்குமா?" என்று கேட்டார்கள். பேச்சில் ற, ர ரெண்டும் பலருக்கு ஒரே மாதிரிதான் வருகிறது. அறை போய் அரை ஆகிவிட்டது!

அப்போ பெரியம்மா ஒரு யோசனை சொன்னார்: "கறிவேப்பிலை, கொத்தமல்லிக்குன்னு இன்னொரு தடுப்பு தைச்சிடுவோம். அஞ்சறைப்பைன்னு வைப்போம்." அஞ்சறைப்பெட்டி எல்லார் வீட்டுச் சமையல்கட்டுலயும் காதுக்குப் பழகின சொல். அதனால் அஞ்சறை என்றால் யாரும் அஞ்சரை என்று நினைப்பதில்லை. தெரிந்த ஒரு சொல்லின் மேல் புதுப் பேரைத் தொங்கவிட்டால் விளக்கம் தேவைப்படாது. இங்கே பேருக்காகப் பையே மாறியது, பையும் முன்னைவிட நல்லா ஆச்சு. காசுப்பையைச் சில்லறைப்பை என்று விடாததும் நல்லதாப் போச்சு. சில்லறைப்பை, அஞ்சறைப்பை ரெண்டும் போனில் ஒண்ணு போலவே கேட்கும். ஒரே வரிசைப் பொருட்களுக்கு முடிவு ஒன்றாக இருக்கலாம், தொடக்கம் நன்றாக வேறுபடணும்.

பேர் ஒரு வாக்குறுதி

பாத்திரம் பிடிக்கிற துணிக்கு வந்த பேர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: சுடாப்பிடி! வாடாமலர் மாதிரி, "சுடாத" என்பதில் கடைசி எழுத்து கெட்டுச் "சுடா" ஆனது. தமிழய்யா நடத்திய ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் வியாபாரத்துக்கு உதவும்னு நான் நினைக்கவே இல்லை!

ஆனால் இந்தப் பேரில் ஒரு ஆபத்தும் உண்டு. துணி ஈரமாக இருந்தால் பாத்திரத்தின் சூடு சீக்கிரம் கைக்கு வந்துவிடும். உலர்ந்த துணியின் மடிப்புகளுக்குள் இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. தண்ணீர் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்தால் சூட்டை எளிதாகக் கடத்திவிடும். பக்கத்து வீட்டு அக்காவே கழுவின கையோட, நனைந்த துணியால் குக்கரைப் பிடித்துச் சுட்டுக்கொண்டார். "சுடாதுன்னு பேர் வச்சுட்டு சுட்டா யாரு நம்புவா?" என்றார். அன்றிலிருந்து சீட்டில் பேருக்குக் கீழே "ஈரமாகப் பிடிக்காதீர்கள்" என்று எழுதுகிறோம். செய்ய முடியாததைப் பேரில் சொல்லக்கூடாது. ஏதாவது நிபந்தனை இருந்தால் அதைப் பக்கத்திலேயே சொல்லிவிடணும்.

எப்படிச் சோதிப்பது?

பொருளை மறைத்து வைத்துவிட்டுப் பேரை மட்டும் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். "இது என்னவா இருக்கும்?" என்று கேளுங்கள். அஞ்சறைப்பைக்கு எட்டுப் பேர் "உள்ள தடுப்பு வச்ச பை" என்றார்கள். அடுத்து, போனில் ஒரே ஒரு முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இங்கேதான் வெளியே வரும். மறுநாள் அவர்களிடமே, "நேத்து சொன்ன பேர் என்ன?" என்று கேளுங்கள். மூணிலும் தேறினால் பேர் நிற்கும். விற்கும் இடத்தில் "இது என்னங்க?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டால், பேர் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு குறையும் உண்டு. காசுப்பை என்ற பேரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பொருளை மட்டுமே விவரிக்கும் சொல்லை ஒருவர் தனக்கு மட்டும் என்று வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது கடினம். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நீண்ட காலம் விற்று, அந்தச் சொல் இவருடையதுதான் என்று மக்களிடம் பேர் வாங்கியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அதனால் எல்லாப் பொருளுக்கும் முன்னால் பொதுவாக ஒரு வீட்டுப் பேர் சேர்த்தோம்: ஊசிக்காது. நூல் கோர்க்கிற துளைக்கு நம்ம ஊர்ப் பேர் அதுதானே! "ஊசிக்காது அஞ்சறைப்பை" என்றால் யார் தைத்தது, என்ன பொருள், ரெண்டும் தெரிந்துவிடும்.

போன வாரம் அதே அக்கா திரும்பவும் போன் பண்ணினார். "வளைகாப்புக்கு அஞ்சறைப்பை 30 வேணும்" என்றார். அம்மா மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளவே இல்லை, துணியை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்!

உங்களுக்கு ஒரு வேலை: மழையில் புத்தகம் நனையாமல் இருக்க, பள்ளிப் பையின் மேல் போடும் உறை ஒன்றை அடுத்து தைக்கப் போகிறார்கள். ரெண்டு சொல்லுக்குள் ஒரு பேர் யோசித்து, சீட்டில் எழுதி, சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். போடும் முன் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா என்ன?" என்று கேட்டால் வேறு பேர் யோசியுங்கள்!

– 11-ஆம் வகுப்பு மாணவி