காரைச் சரிசெய்தது யார்?

கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வில், ஒரு வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு விதமாக எழுதச் சொல்லும் பகுதி உண்டு. தரப்பட்ட சொல்லை மாற்றக்கூடாது. அதையும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் விடை அடங்க வேண்டும்.

‘எ மெக்கானிக் ரிப்பேர்ட் மை கார்’ என்பது கேள்வி, தந்த சொல் ‘ஹேட்’ என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ’ என்று தொடங்கும் விடையில் அடுத்து வர வேண்டியது ‘ஹேட் மை கார் ரிப்பேர்ட்’. மெக்கானிக் மறைந்துவிடுகிறார்; வேலை செய்யவைத்தவர் முன்னால் வருகிறார்.

பலர் வழுக்குவது சொல்வரிசையில்தான். ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை கார்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படாது. ஆனால் நானே கையில் ஸ்பேனருடன் சரிசெய்திருந்தேன் என்று பொருள் மாறிவிடும்! ‘ஹேட்’டுக்கும் வினைக்கும் நடுவே ‘மை கார்’ உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

‘ஹேட்’ இருந்த இடத்தில் ‘காட்’ வந்தாலும் இதே வரிசைதான்; பேச்சுவழக்கின் சாயல் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மெக்கானிக்கையும் குறிப்பிட வேண்டுமென்றால்தான் இரண்டும் பிரிகின்றன: ‘காட் எ மெக்கானிக் டு ரிப்பேர்’, ஆனால் ‘ஹேட் எ மெக்கானிக் ரிப்பேர்’. இரண்டாவதில் ‘டு’ வராது.