வெந்நீர்த் தொட்டியில் உப்புக்கும் இடம் விட வேண்டும்

புதிதாகப் போட்ட வெந்நீர்த் தொட்டி முதல் சில மாதங்கள் குறையில்லாமல் ஓடும். பிறகு மெல்ல மெல்ல, காலையில் நீர் சூடேறப் பிடிக்கும் நேரம் நீளும். பழி பெரும்பாலும் பாய்லர் மேல் விழும். காரணமோ பல இடங்களில் தொட்டிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரை மில்லிமீட்டர் கனத்தில் படிந்திருக்கும்.

மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இருக்கும் இந்தத் தொட்டியைக் கேலரிஃபயர் என்பார்கள். மூடிய ஒரு பெரிய தொட்டி, அதற்குள் ஒரு குழாய்ச் சுருள். பாய்லரின் சுடுநீர் சுருளுக்குள் ஓடித் திரும்புகிறது. நாம் குளிக்கும் நீர் சுருளுக்கு வெளியே நிற்கிறது. இரண்டும் கலப்பதில்லை, குழாயின் சுவர் வழியாக வெப்பம் மட்டும் கடக்கிறது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுருளின் பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்பதுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2,000 லிட்டர் தொட்டி. உள்ளே வரும் நீர் 25 டிகிரி. ஒரு மணி நேரத்தில் அது 60 டிகிரிக்கு ஏற வேண்டும். அறுபது என்பது ஆடம்பரத்துக்காக வைத்த அளவு அல்ல. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி பெருகும். அதைத் தடுக்கவே 60 டிகிரியில் சேமிக்கச் சொல்கிறார்கள். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.19 கிலோஜூல் வேண்டும். பெருக்கி, ஒரு மணி நேரத்துக்கு வகுத்தால் 81 கிலோவாட் வருகிறது.

இந்த வெப்பத்தைத் தள்ளுவது இரு நீருக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசம். பாய்லர் நீர் 80 டிகிரியில் நுழைந்து 70-ல் திரும்புகிறது. நம் நீர் 25-ல் தொடங்கி 60-ல் முடிகிறது. சூடான முனையில் வித்தியாசம் 20 டிகிரி, குளிர்ந்த முனையில் 45 டிகிரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 32.5. ஆனால் வித்தியாசம் ஒரே சீராகக் குறைவதில்லை. அது பெரிதாக இருக்கும் இடத்தில் வெப்பம் வேகமாகக் கடந்து வித்தியாசத்தைச் சட்டென்று குறைத்துவிடும். சிறிதானபின் மெதுவாக நகரும். ஆகவே சிறிய வித்தியாசத்தில்தான் பரப்பின் பெரும்பகுதி வேலை செய்கிறது. இதைச் சரியாகக் கணிக்கும் சராசரிக்கு மடக்கைச் சராசரி என்று பெயர்:

LMTD = (45 − 20) ÷ ln(45 ÷ 20) = 30.8 டிகிரி

இங்கே வித்தியாசம் சிறிதுதான். ஆனால் யாராவது 70 டிகிரி வெந்நீர் வேண்டும் என்று கேட்டால், சூடான முனையில் 10 டிகிரிதான் மிஞ்சும். சாதாரணச் சராசரி 27.5 என்று சொல்ல, மடக்கைச் சராசரி 23.3-க்கு இறங்கிவிடும். முன்னதை நம்பி வாங்கிய சுருள் கேட்ட வெப்பத்தைத் தராது.

அடுத்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு வெப்பம் கடத்தும்? வெளியே நீர் தானாகவே மெல்லச் சுழலும் இத்தகைய சுத்தமான சுருளுக்கு 750 வாட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 3.5 சதுர மீட்டர் போதும். இந்த இடத்தில் கணக்கை நிறுத்துபவர் புதுச் சுருளுக்கு மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறார்.

நம் ஊர் போர்வெல் நீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு அதிகம். சர்க்கரையைப் போல இந்த உப்பு சூட்டில் கூடுதலாகக் கரைவதில்லை. சூடேறினால் பிரிந்து படிகிறது. தொட்டியில் மிகச் சூடான இடம் சுருளின் மேற்பரப்பு என்பதால் முதலில் அங்கேதான் ஒட்டும். உலோகத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தை மிக மோசமாகவே கடத்தும்.

படிவுக்கான ஒதுக்கீட்டைச் சதவீதமாக அல்ல, தடையாகக் கணக்கிடுவார்கள். சுத்தமான சுருளின் தடை 1 ÷ 750, அதாவது 0.00133. நீரின் தன்மைக்கேற்ற படிவுத் தடைகளை டெமா என்ற வெப்பமாற்றி உற்பத்தியாளர் சங்கம் அட்டவணையாகத் தந்திருக்கிறது. மிதமான நீருக்கு 0.00035 என்று எடுப்போம். கடின நீருக்கு இதைவிடக் கூடும். இரண்டு தடையையும் கூட்டினால் 0.00168. அதைத் தலைகீழாக்கினால் 750 வாட் 594-ஆகக் குறைகிறது. தேவையான பரப்பு 4.45 சதுர மீட்டர், அதாவது 26 சதவீதம் கூடுதல்.

அந்த 0.00035 எதைக் குறிக்கிறது என்று அறிந்துவைப்பது நல்லது. சுண்ணாம்புப் படிவின் கடத்துதிறன் சுமார் 1 முதல் 2 வரை இருக்கும் என்று கொண்டால், அது 0.35 முதல் 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு படலம். நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருப்பது இந்தக் கனம் உப்பைத் தாங்கும் வசதியை மட்டுமே.

இதே எண்ணைத் தட்டு வெப்பமாற்றிக்குப் போடக் கூடாது. அதில் இரு பக்கமும் நீர் வேகமாகக் கலங்கி ஓடுவதால் சுத்தமான நிலையில் 4,000 வாட் வரை கடத்தும். தடை வெறும் 0.00025. அதோடு 0.00035-ஐக் கூட்டினால் பரப்பு 2.4 மடங்காகிவிடும். அவ்வளவு தட்டுகளைச் சேர்த்தால் ஒவ்வொரு இடுக்கிலும் நீரின் வேகம் குறைந்து, படிவு இன்னும் எளிதாக உட்காரும். தட்டு வகைக்குப் பத்து, இருபது சதவீதம் கூட்டுவதோடு நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நம் தொட்டிக்கே திரும்புவோம். மடக்கைச் சராசரி, இரு நீரும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு உருவானது. தொட்டி நீரோ நின்றபடியே சூடேறுகிறது. பாய்லர் நீர் 80-லேயே வருகிறது, தொட்டி முழுவதும் ஒரே சூட்டில் இருக்கிறது என்று வைத்து நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிட்டால், ஒதுக்கிய படிவு முழுவதும் சேர்ந்த சுருள் 63 நிமிடம் எடுக்கிறது. நாம் போட்டது 60. கணக்கு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் மறைந்திருந்த ஒரு செய்தி இதில் வெளிவருகிறது. தொடக்கத்தில் அந்தச் சுருள் 124 கிலோவாட் இழுக்கும், முடிவில் 45 மட்டுமே. 81 கிலோவாட் பாய்லரை வைத்தால் முதல் நிமிடங்களில் அதனால் 80 டிகிரியைத் தக்கவைக்க முடியாது, நேரம் நீளும். அப்போது சுருளைப் பெரிதாக்கிப் பயனில்லை.

இதே கணக்கு, படிவு எவ்வளவு என்று அறியவும் ஒரு வழி தருகிறது. 4.45 சதுர மீட்டர் சுருள் புதிதாக இருக்கும்போது 52 நிமிடத்தில் வேலையை முடிக்கும். 63 ஆனால் ஒதுக்கீடு தீர்ந்தது. 74 ஆனால் படிவு இரட்டித்துவிட்டது. தெர்மாமீட்டரில் இது எளிதில் பிடிபடாது: தொட்டி 40 டிகிரியில் இருக்கும்போது பாய்லருக்குத் திரும்பும் நீர் சுத்தமான சுருளில் 66.5, ஒதுக்கீடு தீர்ந்த சுருளில் 69. கடிகாரத்திலோ பத்து நிமிட வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எனவே நிறுவிய முதல் வாரத்திலேயே, யாரும் நீர் எடுக்காத இரவு நேரத்தில், ஒருமுறை சூடேற்றி நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த அளவையும் ஒப்பிட வழியில்லை. பாய்லர் நீரின் சூடும் பம்பின் ஓட்டமும் அன்றிருந்தது போலவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவை குறைந்தாலும் நேரம் நீளும்.

நேரம் ஒதுக்கீட்டைத் தொட்டதும் சுருளை வெளியே இழுத்து, அமிலக் கரைசலில் உப்பைக் கரைத்து நீக்குவார்கள். இழுப்பதற்குச் சுருளின் முழு நீளம் அளவுக்குத் தொட்டியின் முன்னால் வெற்றிடம் வேண்டும். கட்டட வரைபடம் போடும்போதே அந்த இடத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு அங்கே ஒரு சுவரோ மின்பெட்டியோ வந்துவிட்டால், சுருளைக் கழற்றும் நாளில் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.