ஒளிர்தலும் மின்னுதலும் பளபளத்தலும்

இம்மூன்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. வண்டலூரின் அந்தி வானத்தில் மாலை வெள்ளி தோன்றும் நாளில் அதனை நோக்குக. அக்கோளின் ஒளி கதிரவனிடம் பெற்றதே. எனினும் நிலைத்துத் தோன்றலின் 'ஒளிர்கிறது' என்றல் பொருந்தும். விண்மீனுக்குத் தன்னொளி உண்டு; நெடுந்தொலைவில் புள்ளியாய்த் தோன்றும் அதன் கதிர் காற்றின் அசைவால் நடுங்குதலின் 'மின்னுகிறது' என்கிறோம். எனவே, இவ்விரு சொற்களும் ஒளியின் பிறப்பை நோக்கா; அது நிலைத்தலையும் நிலையாமையையுமே நோக்கும்.

பெற்ற ஒளியைச் சுட்டுவது 'பளபளத்தல்'. துலக்கிய குத்துவிளக்கின் தண்டு பளபளக்கும். அதன் சுடர் பளபளப்பதில்லை. பொன்னணி 'மின்னும்' எனலும் வழக்கே. அசையுந்தோறும் அதன் ஒளி தோன்றி மறைதலே காரணம். அசையாப் பொற்றகட்டிற்குப் பளபளத்தலே உரியது.