முதல் இலக்கத்தின் சாட்சியம்

2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சில நாட்களில், சமூக ஊடகங்களில் ஒரு வரைபடம் வேகமாகப் பரவியது. சிகாகோ நகரின் ஒவ்வொரு வாக்குப்பதிவுப் பகுதியிலும் ஜோ பைடன் பெற்ற வாக்குகளின் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்து எண்ணியிருந்தார்கள். 431 வாக்குகள் என்றால் 4. 527 என்றால் 5. ‘இயல்பாக உருவாகும் எண்களில் 1தான் அதிகம் வர வேண்டும். இங்கே 4, 5 போன்ற இலக்கங்கள் மிகுந்திருக்கின்றன. ஆகவே, முறைகேடு நடந்திருக்கிறது’ என்பது வாதம். டொனால்ட் டிரம்ப்பின் வாக்குகள் எதிர்பார்ப்புக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது, அந்த வாதத்துக்கு வலுசேர்ப்பதாகவும் தோன்றியது.

இந்த வாதத்தின் முன்பாதியில் உண்மை இருக்கிறது, பின்பாதி பிழை. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், எண்கள் ஏன் 1இல் தொடங்குவதை விரும்புகின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அழுக்கேறிய பக்கங்கள்

கணிப்பொறிகள் வருவதற்கு முன்பு, பெரிய பெருக்கல்களைச் செய்ய மடக்கை அட்டவணைதான் துணை. நம்மில் பலர் பள்ளியில் ‘லாக் புத்தகம்’ என்று அழைத்த அதே அட்டவணை. வானியலாளர் சைமன் நியூகோம்ப், அந்தப் புத்தகங்களில் ஒரு விந்தையைக் கண்டார். 1இல் தொடங்கும் எண்களுக்கான முதல் பக்கங்கள் கைபட்டு அழுக்கேறியிருந்தன. கடைசிப் பக்கங்கள் அவ்வளவாகத் தேயவில்லை. அப்படியென்றால், மக்கள் தேடும் எண்களில் 1இல் தொடங்குபவையே அதிகம். 1881இல் இரண்டே பக்கக் குறிப்பாக இதை எழுதினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

1938இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இயற்பியலாளர் ஃபிராங்க் பென்ஃபோர்டு இதையே மீண்டும் கண்டறிந்தார். ஆறுகளின் பரப்பு, ஊர்களின் மக்கள்தொகை, மூலக்கூறு எடைகள், முகவரிகளின் கதவு எண்கள் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 தொகுப்புகளிலிருந்து 20,229 எண்களைத் திரட்டினார். ஒன்பது இலக்கங்களுக்கும் சமபங்கு என்றால் ஒவ்வொன்றும் 11% வந்திருக்க வேண்டும். ஆனால், 1 சுமார் 30% வந்தது. 9 ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதற்குப் ‘பென்ஃபோர்டு விதி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வேறொரு அளவுகோல்

வங்கியில் ஒரு லட்ச ரூபாயை ஆண்டுக்கு 7% கூட்டுவட்டியில் போடுவதாக வைத்துக்கொள்வோம். அது இரண்டு லட்சமாக ஏறத்தாழ 10.2 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் இருப்புத்தொகை 1இல்தான் தொடங்கும். இரண்டு லட்சம் மூன்று லட்சமாக 6 ஆண்டுகள் போதும். ஒன்பது லட்சம் பத்து லட்சமாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு முறையும் கூடுவது அதே ஒரு லட்சம்தான். ஆனால், 1 இரண்டாக மாற நூறு விழுக்காடு வளர வேண்டும். 9 பத்தாக மாறப் பதினொரு விழுக்காடு வளர்ந்தால் போதும்.

ஒரு லட்சம் பத்து லட்சமாக மொத்தம் 34 ஆண்டுகள். அதில் 10.2 ஆண்டுகள் 1இன் வசம்; அதாவது 30.1%. அதன் பிறகு தொகை பத்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடையே மறுபடியும் 10.2 ஆண்டுகள் தங்கும். வட்டி விகிதம் 5% ஆனாலும் 12% ஆனாலும் ஆண்டுகள்தான் மாறும், 30.1% என்ற பங்கு மாறாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் கோடு வரையுங்கள். இடது முனையில் 1, வலது முனையில் 10 என்று குறியுங்கள். நடுவிலுள்ள எண்களைச் சம இடைவெளியில் வைக்காமல், அவற்றின் மடக்கைப்படி வையுங்கள். 2இன் மடக்கை 0.301 என்பதால் அது 3.01 செ.மீ.யில் அமரும். 3 என்பது 4.77இல், 4 என்பது 6.02இல், 5 என்பது 6.99இல் வரும். 9 அமர்வது 9.54இல். வலப்பக்கம் போகப்போக எண்கள் நெருக்கியடித்து நிற்கும். இந்தக் கோட்டில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலான பட்டை 3.01 செ.மீ. அகலம், ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலான பட்டை அரை சென்டிமீட்டர்கூட இல்லை. பென்ஃபோர்டு விதியின் விழுக்காடுகள் இந்தப் பட்டைகளின் அகலங்களே: 30.1, 17.6, 12.5, 9.7 என்று இறங்கி, 9க்கு 4.6.

சாதாரண அளவுகோலில் ஒரே நீள அடி வைத்தால் ஒரே தொகை கூடும். இந்தக் கோட்டில் ஒரே நீள அடி வைத்தால் ஒரே விகிதத்தில் பெருகும். மக்கள்தொகை, விலைவாசி, வணிக வரவு ஆகியவை பெரும்பாலும் விகிதத்தில்தான் மாறுகின்றன. அதனால், அவற்றுக்கு இயல்பான அளவுகோல் இதுவே.

ஜமக்காளமும் நெல்மணிகளும்

வளராத எண்களும் இவ்விதிக்கு ஏன் உட்படுகின்றன? ஆற்றின் பரப்பு வட்டி போட்டு வளர்வதில்லையே! இதற்கு, 10 செ.மீ. கோட்டை அடுத்தடுத்துப் பல முறை ஒட்டி நீட்டுங்கள். முதல் துண்டு 1 முதல் 10 வரை. அடுத்தது 10 முதல் 100 வரை. பிறகு 1,000 வரை. கோடு போட்ட ஒரு நீண்ட ஜமக்காளம்போல, அதே பட்டைகள் அதே அகலத்தில் திரும்பத் திரும்ப வரும்.

அதன் மீது ஒரு கூடை நெல்லைத் தூவுகிறோம் என்று கொள்வோம். ஒவ்வொரு நெல்மணியும் ஓர் எண். நெல் பல துண்டுகளின் மீது பரவலாக விழுந்தால், குவியலின் நடு எங்கே இருந்தாலும், 1இன் பட்டைகளில் சுமார் முப்பது விழுக்காடு மணிகள் கிடக்கும். ஜமக்காளத்தின் பரப்பில் அவை பிடித்திருக்கும் இடம் அவ்வளவு. நெல் ஒரே துண்டுக்குள் குவிந்துவிட்டால் கதை வேறு. எந்தப் பட்டையில் குவிந்ததோ அந்த இலக்கமே மிகும். பெரியவர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதினால் அநேகமாக எல்லாம் 1இல் தொடங்கும். தமிழ்நாட்டின் அஞ்சல் குறியீடுகள் அனைத்தும் 6இல் தொடங்கும். இவற்றில் பென்ஃபோர்டு விதியைத் தேடுவது வீண்.

ஜமக்காளம் இன்னொன்றையும் விளக்குகிறது. ரூபாய்க் கணக்கை டாலருக்கு மாற்றினாலும், கிலோமீட்டரை மைலாக்கினாலும், எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம். மடக்கைக் கோட்டில் அதன் பொருள், நெல் முழுவதையும் ஒரே அளவு தள்ளி வைப்பது. பரவலாகக் கிடக்கும் நெல்லைத் தள்ளினாலும் பட்டைகளின் பங்கு மாறாது. எந்த அலகில் அளந்தாலும் மாறாத முதல் இலக்க விதி ஒன்று இருக்குமானால், அது இதுவாக மட்டுமே இருக்க முடியும் என்பதை 1961இல் ரோஜர் பிங்க்ஹாம் காட்டினார்.

தணிக்கையாளரின் கருவி

பொய்க் கணக்கு எழுதுபவர் எண்களை மனத்திலிருந்து எடுக்கிறார். மனத்துக்கு மடக்கைக் கோடு தெரியாது. இந்த எண்ணத்தைத் தணிக்கைத் துறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மார்க் நிக்ரினி. அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று பிரபலமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கருவூலத்தில் பணியாற்றிய மேலாளர் ஒருவர், 1992இல் போலி நிறுவனத்துக்கு 23 காசோலைகள் மூலம் ஏறத்தாழ 19 லட்சம் டாலரைத் திருப்பினார். தொகைகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 7, 8, 9இல் தொடங்கின. பெரும்பாலானவை ஒரு லட்சம் டாலரைத் தொடாமல் சற்றே கீழே நின்றன. அதைத் தாண்டினால் கூடுதல் சரிபார்ப்பு வரும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். 1993இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

ஆனால், வரம்புக்குக் கீழே எண்கள் குவிவது எப்போதும் குற்றமல்ல. நம் வருமான வரிச் சட்டத்தில், ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, அதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. அதனால், நேர்மையான வணிகரின் ஏட்டிலும் 9,500, 9,800 என்ற தொகைகள் மிகுந்திருக்கலாம். மறுபுறம், எல்லா ரசீதுகளிலும் பத்து விழுக்காடு கூட்டி எழுதும் மோசடியை இந்த விதியால் பிடிக்கவே முடியாது. நெல் முழுவதும் ஒரே அளவு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதல் இலக்கம் எந்த ஏட்டைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லும். தீர்ப்பு உள்ளே இருக்கும் ரசீதுகளில் இருக்கிறது.

சிகாகோவில் நடந்தது என்ன?

இப்போது அந்த வரைபடத்துக்குத் திரும்புவோம். சிகாகோவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குப்பதிவுப் பகுதிகள் இருந்தன. நிர்வாக வசதிக்காக அவற்றை அளவில் பெரிதும் வேறுபடாதவாறு பிரித்திருந்தார்கள். ஒரு பகுதியில் சராசரியாகப் பதிவான வாக்குகள் ஐநூற்றுச் சொச்சம். நகரில் பைடன் பெற்றது எண்பது விழுக்காட்டுக்கும் மேல். 550இல் எண்பது விழுக்காடு 440. பெரும்பாலான பகுதிகளில் அவருடைய வாக்குகள் முந்நூறுக்கும் அறுநூறுக்கும் இடையில் விழுவது இயல்பே. ஜமக்காளத்தின் ஒரே துண்டில், இரண்டு மூன்று பட்டைகளுக்குள் நெல் குவிந்துவிட்டது. சிறுபான்மை வாக்குகள் பெற்ற டிரம்ப்பின் எண்களோ இரட்டை இலக்கத்திலிருந்து மூன்று இலக்கம் வரை பரவியிருந்தன. அதனால் விதிக்கு அருகில் வந்தன. இரண்டு வரைபடங்களும் காட்டியது பகுதிகளின் அளவையும் ஆதரவின் விகிதத்தையும்தான். தேர்தல் புள்ளிவிவரங்களை ஆராய்ந்துவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வால்டர் மீபேன், வாக்குச்சாவடி எண்களின் முதல் இலக்கத்தை வைத்து முறைகேட்டை அறிய முடியாது என்று அந்த நவம்பரிலேயே எழுதினார்.

நம் நாட்டிலும் ஒரு வாக்குச்சாவடியில் எத்தனை வாக்காளர்கள் இருக்கலாம் என்பதற்குத் தேர்தல் ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே, இங்கும் சாவடி வாரியான எண்கள் ஒரே துண்டில் குவியும் வாய்ப்பே அதிகம். அடுத்த தேர்தலுக்குப் பிறகு இத்தகைய வரைபடம் ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வந்தால், பட்டைகளின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன், அதிலுள்ள மிகச்சிறிய எண் எது, மிகப்பெரிய எண் எது என்று கேளுங்கள். பெரியது சிறியதைப்போல் நூறு, ஆயிரம் மடங்காக இருந்து, இடைப்பட்ட எண்களும் எங்கும் குவியாமல் பரவியிருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசலாம். இல்லையெனில், அந்த முதல் இலக்கங்கள் எந்தக் குற்றத்துக்கும் சாட்சி அல்ல.