வட்டி வருகிறது, ஆனால் பணம் எடுக்க முடியவில்லை

பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரவு பதிவாகிறது. எஸ்.எம்.எஸ் கட்டணம் என்று சில ரூபாய் கழிகிறது. பார்ப்பவருக்குக் கணக்கு நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் வட்டி போட்டதும் கட்டணம் பிடித்ததும் வங்கி தானாகச் செய்தவை. கணக்குக்கு உரியவர் அதைத் தொட்டதற்கு அவை சான்றாகாது. சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ உரியவர் செய்த, அல்லது அவர் சொல்லி நடந்த பரிவர்த்தனை எதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அது செயல்படாத கணக்கு. கவுன்டரில் ‘டார்மன்ட்’ என்பார்கள், ‘இன்ஆபரேட்டிவ்’ என்றும் சொல்வார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவரின் சம்பளக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் ஏ.டி.எம்மில் 3,000 ரூபாய் எடுக்கிறார். மீதி 11,400 ரூபாய் இருக்கிறது. அடுத்த மாதமே கரூரில் வேறு வேலை, வேறு வங்கியில் சம்பளம். பழைய செல்பேசி எண்ணையும் மாற்றிவிடுகிறார், வங்கியில் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் அசைவில்லாத கணக்கைப் பற்றி வங்கி கடிதம், மின்னஞ்சல் அல்லது எஸ்.எம்.எஸ் மூலம் எச்சரிக்க வேண்டும். வங்கி அனுப்பியும் இருக்கலாம். அது போய்ச் சேர்ந்தது அவர் விட்டுவிட்ட எண்ணுக்கு. 2025 ஜூலை கடந்ததும் கணக்கு முடங்கிவிடுகிறது. அக்டோபரில் ஊரிலிருக்கும் தம்பி வாங்கிய கடனைத் திருப்ப அந்தக் கணக்குக்கே 5,000 ரூபாய் அனுப்புகிறார். பணம் போய்ச் சேர்கிறது. அதை எடுக்கப் போனால் ஏ.டி.எம் மறுக்கிறது, யு.பி.ஐயும் மறுக்கிறது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். முடங்கிய கணக்கில் வரவு விழுவதற்குத் தடையில்லை. பற்றுக்குத்தான் தடை. உரியவர் முறைப்படி வந்து கணக்கை உயிர்ப்பிக்கும் வரை அதிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்பது வங்கிகளுக்கு இடப்பட்ட கட்டளை. காரணம் எளிது. ஆள் பார்க்காத கணக்கில் திருட்டு நடந்தால், அது தெரியவே ஆண்டுகள் ஆகும். முதியவர் ஒருவரின் கணக்கிலோ, வெளிநாடு போனவர் கணக்கிலோ யாராவது போலிக் கையெழுத்தில் பணம் எடுத்தால் புகார் கொடுக்க அங்கே யாரும் இல்லை. இது வங்கிக்கு உள்ளிருந்தே நடக்கவும் வாய்ப்புண்டு. அதனால் இந்தப் பூட்டு எரிச்சலூட்டினாலும் அது வைப்பாளர் பக்கம் நின்று போடப்பட்டது என்றே நான் கருதுகிறேன். பூட்டிய காலத்திலும் சேமிப்புக் கணக்குக்கு வட்டி நிற்காது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு முடங்கிய பிறகுதான் தொடங்குகிறது. சம்பளம் நின்றதும் பல வங்கிகள் சம்பளக் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். முடங்குவதற்கு முந்தைய அந்த இரண்டு ஆண்டில் அபராதம் கழிந்து இருப்பு கரைய வாய்ப்புண்டு.

கணக்கை உயிரோடு வைத்திருக்கப் பெரிய தொகை எதுவும் தேவையில்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் பணம் சம்பந்தப்படாத செயல்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஏ.டி.எம்மில் இருப்புப் பார்ப்பது, வங்கிச் செயலிக்குள் வெற்றிகரமாக நுழைவது, காசோலைப் புத்தகம் கேட்பது, நாமினி பதிவது, கே.ஒய்.சி புதுப்பிப்பது, இவற்றில் ஒன்று போதும். மாதாமாதம் இன்சூரன்ஸ் பிரீமியம் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் நிலையான உத்தரவு கொடுத்திருந்தால் அதுவும் உங்கள் செயலாகவே எண்ணப்படும். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக நாள் எண்ணுவார்கள். ஒன்றை இயக்கினால் மற்றது தப்பாது. அரசு உதவித்தொகைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை வங்கிகள் தனியே பிரித்து வைத்து, இந்த முடக்கத்திலிருந்து விலக்க வேண்டும்.

உங்கள் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? வங்கிச் செயலியிலோ நெட் பேங்கிங்கிலோ கணக்கு விவரப் பக்கத்தில் பெரும்பாலும் நிலை தெரியும். Active என்றால் கவலையில்லை. Inoperative அல்லது Dormant என்றிருந்தால் முடங்கியிருக்கிறது. செயலி இல்லாதவர் பாஸ்புக்கைப் பின்னோக்கிப் புரட்டி, வட்டியும் கட்டணமும் தவிர்த்த கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம். ஆனால் கிளைக்குப் போய்க் கேட்கும்போது, ‘கணக்கு ஏன் நிற்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நீண்ட நாள் அசைவில்லாததாலா, கே.ஒய்.சி புதுப்பிக்காததாலா, நீதிமன்ற அல்லது காவல்துறை உத்தரவாலா என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும், தீர்வு வேறு. மூன்றாவது வகைத் தடையை வங்கி தானாக நீக்க முடியாது.

நம் பனியன் கம்பெனிக்காரர் இப்போது கரூரிலேயே அந்த வங்கியின் கிளைக்குப் போகலாம். கணக்குத் தொடங்கிய திருப்பூர் கிளைக்கே போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி கொடுத்து உயிர்ப்பிக்கலாம். கேட்டால் வீடியோ அழைப்பு வழியிலும் செய்யலாம். 2025 ஜூனில் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிராமங்களில் இருக்கும் வங்கி முகவர் மூலமும் இதற்கான கே.ஒய்.சி கொடுக்க வழி திறந்திருக்கிறது. எடுத்துப் போக வேண்டியவை பாஸ்புக், பான் கார்டு, ஆதார் போன்ற அடையாள, முகவரிச் சான்று, புகைப்படம், மீண்டும் இயக்கக் கோரும் கடிதம். புதிய செல்பேசி எண்ணையும் அன்றே பதிவுசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓ.டி.பி பழைய எண்ணுக்கே போகும். கூட்டுக் கணக்கென்றால் மற்றவரின் ஆவணங்களும் கேட்கப்படலாம். அதிகம் இடறுவது கையெழுத்தில். இருபது வயதில் போட்ட கையெழுத்து இப்போதையதோடு ஒத்துப்போகாது. கையெழுத்து மாற்ற விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாம் நடை மிச்சம்.

விண்ணப்பம் முழுமையாக இருந்தால் மூன்று வேலை நாளில் கணக்கு திறக்கப்பட வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். திறந்த உடனே பெருந்தொகை எடுக்கவோ அனுப்பவோ சில வங்கிகள் சிறிது காலம் வரம்பு வைக்கும், அதற்கு விதியில் இடமுண்டு. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணம்தான் வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்கக் கூடாது. கணக்கை உயிர்ப்பிக்கிறேன் என்று போனில் ஓ.டி.பி கேட்பவரும், வாட்ஸ்ஆப்பில் செயலிக் கோப்பு அனுப்புபவரும் திருடர்கள்தான்.

அவர் போகாமலே விட்டிருந்தால்? பத்து ஆண்டு ஆனதும் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை போகாது. கேட்க வேண்டியது அதே வங்கியிடம்தான். வங்கி கொடுத்துவிட்டு நிதியிலிருந்து ஈடு பெற்றுக்கொள்ளும். எந்த வங்கி என்பதே மறந்திருந்தால் 2023 ஆகஸ்டில் தொடங்கிய udgam.rbi.org.in தளத்தில் பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எண் அல்லது பிறந்த தேதி கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். மறைந்த அப்பாவின் பெயரிலும் தேடலாம். கிடைத்தால் அங்கே உயிர்ப்பிக்கும் விண்ணப்பம் செல்லாது. நாமினியோ வாரிசோ இறப்புச் சான்றிதழுடன் உரிமைகோரல் மனு கொடுத்துப் பணத்தைப் பெற வேண்டும்.