வணக்கத்துக்குப் பின் ஒரு மௌனம்

கால் சென்டருக்குப் போன் செய்த பெரியவர் ஒருவர், மறுமுனையில் பெண் குரல் வணக்கம் சொல்லி முடித்த பிறகும் நாலைந்து நொடி பேசாமலே இருந்தார். அந்தப் பெண் "ஹலோ, சார்?" என்றதும்தான், "ஆளாம்மா பேசறது? ரெக்கார்டுன்னு நெனச்சு, எந்த நம்பரை அமுக்கச் சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. முதல் நாளே இந்த அழைப்பைப் போட்டுக் கேட்கவைப்பேன். வணக்கத்துக்குப் பின் மௌனம் விழுந்தாலும், "ஹலோ, ஹலோ" என்று வாடிக்கையாளர் தேடினாலும் ஓப்பனிங் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பெண் கையில் இருந்த ஸ்க்ரிப்ட், "எங்கள் சேவை மையத்தை அழைத்தமைக்கு நன்றி" என்று தொடங்கி, "நான் தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று முடியும். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த எழுத்துத் தமிழ் அது. எழுத்துத் தமிழை வாயால் சொன்னால் யாருக்கும் செய்தி வாசிக்கும் குரல் வந்துவிடும். "சிரித்த முகத்தோடு பேசும்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் அது போகாது. சொற்களைத்தான் மாற்ற வேண்டும்.

அதனால் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். "உங்க மாமா கடையில நீங்க இருக்கும்போது போன் வந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். யோசிக்காமல் வந்தது பதில்: "சொல்லுங்க, என்ன வேணும்?" அங்கிருந்து ஆரம்பித்தோம். வணக்கம், நிறுவனத்தின் பெயர், தன் பெயர் ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றில் ஒன்று விட்டுப்போனால் அழைப்பைக் கேட்டு மதிப்பெண் போடும் தரப் பிரிவு குறைத்துவிடும். கடைசி வரி மட்டும் அவருடையது: "சொல்லுங்க, என்ன விஷயமா கூப்பிட்டிருக்கீங்க?" இந்த மாற்றத்துக்குத் தரப் பிரிவின் சம்மதத்தைப் பயிற்சியாளர் முன்பே வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேசிய பிள்ளைக்குத்தான் மதிப்பெண் போகும்.

அடுத்தது இடைவெளி. வாடிக்கையாளர் போனைக் காதுக்குக் கொண்டுவருவதற்குள் முதல் சொல் போய்விடும். ஆகவே 'வணக்கம்' என்றதும் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, சொன்னதைத் தன் மொபைலிலேயே பதிவுசெய்து கேட்டார். நிறுவனப் பெயரும் தன் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாகிப் போனது அவருக்கே கேட்டது. இன்னொன்று, மறுமுனையின் குரலைக் கேட்பதற்கு முன் 'சார்' கூடாது. பேசப்போவது ஒரு அம்மாவாக இருக்கலாம்.

மாக் காலில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். இரண்டு மூன்று வாரம் போய், ஒரே வரியை நாள் முழுக்கச் சொன்ன பிறகு, புது வரியும் தேய்ந்துவிடும். அதனால் காலை அழைப்புகளை விட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் கடைசி மணி நேர அழைப்புகளைத்தான் எடுத்துக் கேட்பேன். அந்தப் பெண்ணின் 'சொல்லுங்க' அந்நேரத்தில் 'சொங்க' ஆகியிருந்தது. கடைசி வரிக்கு இன்னும் இரண்டு மாற்றை அவரையே எழுதவைத்து, மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்தேன்.