வினாடி வினா: அடுத்த கேள்வி யாருக்கு?

1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘க்விஸ் டைம்’ நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். இன்று சில பள்ளிகள் சொந்தமாகவே சேனல் வைத்து வினாடி வினா நடத்துகின்றன. மேடையும் விளக்கும் பிரமாதமாக அமைந்துவிடுகின்றன. சண்டை வருவது மதிப்பெண்ணில்தான்.

அதற்குக் காரணம் கேள்வி சுற்றி வரும் முறை. அ, ஆ, இ, ஈ என்று நான்கு அணிகள். நேரடிக் கேள்விக்கு 10 மதிப்பெண். விடை தெரியாமல் அடுத்த அணிக்குப் போனால் 5. ஆ அணிக்கு எதுவும் தெரியவில்லை, மற்ற மூவருக்கும் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 12 கேள்விகள் முடிந்ததும் அ 30, ஈ 30, இ 45! இ அணி செய்த புண்ணியம், ஆ அணிக்கு அடுத்து உட்கார்ந்ததுதான்.

இதற்கு மாற்று உண்டு. யார் விடை சொன்னாலும் 10. விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்தே புதிய கேள்வி தொடங்கும். ஆ விட்டதை இ சொன்னால், அடுத்த கேள்வி ஈ அணிக்குப் போய்விடும். அதே 12 கேள்விகளில் அ, இ, ஈ மூவருக்கும் 40. யாருமே சொல்லாவிட்டால், முதலில் கேட்கப்பட்ட அணிக்கு அடுத்த அணியிடம் தொடங்கவேண்டும். கேள்வி சுற்றி வருகையில் பின்னால் இருப்பவருக்கு யோசிக்க நேரம் கூடுமே என்பீர்கள். உண்மைதான். அதனால் இரண்டாவது சுற்றில் திசையைத் திருப்பிவிடுவது வழக்கம்.

இம்முறையில் முறை யாருடையது என்பது எளிதில் குழம்பும். எனவே கேள்வியைப் படிக்குமுன் நடத்துபவர் அணியின் பெயரைச் சொல்லவேண்டும். திரையிலும் அந்தப் பெயருக்கு அருகே ஓர் அம்புக்குறி வேண்டும். மேசைகளை லேசான வளைவாகப் போட்டு, காமிராவில் இடமிருந்து வலமாகத் தெரியும் அதே வரிசையில் மதிப்பெண் பட்டையை அமைக்கவேண்டும். முன்னணியில் இருப்பவரை முதலில் காட்டுகிறேன் என்று வரிசையை மாற்றினால், பார்ப்பவருக்கு எந்த எண் எந்த மேசைக்கு என்றே தெரியாது.

நடத்துபவரின் அட்டையில் விடையோடு, ஏற்கக்கூடாத விடையும் எழுதியிருக்கவேண்டும். “இந்தியா ஏவிய முதல் செயற்கைக்கோள் எது?” என்று கேட்டால் ஒரு மாணவன் ஆரியபட்டா என்பான், இன்னொருவன் ரோகிணி என்பான். ஆரியபட்டா நாம் செய்தது; 1975-இல் அதை ஏவியது சோவியத் ராக்கெட். நம் ராக்கெட் வெற்றிகரமாக ஏவிய முதல் செயற்கைக்கோள் 1980-இல் ரோகிணி. கேள்வியில் ‘இந்திய ராக்கெட்’ என்ற சொல் இருந்தால் வழக்கே இல்லை.

மதிப்பெண்ணைத் திரையில் ஏற்றுபவர், நடத்துபவர் “சரி” என்று சொன்ன பிறகே ஏற்றவேண்டும். பக்கத்தில் ஒருவர் கேள்வி எண் வாரியாகத் தாளில் குறித்துவருவது நல்லது. வெறும் மொத்தத்தை மட்டும் வைத்திருந்தால், ஏழாவது கேள்வியில் நேர்ந்த பிழையைக் கடைசியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாளையும் திரையையும் ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகுதான் நடத்துபவர் மதிப்பெண்ணை வாசிக்கவேண்டும்.